விருது மேடையில் ஒன்றரை நிமிடம்: ஏற்புரை எழுதும் வழி

விழா அழைப்பிதழின் கடைசிப் பகுதியில் ‘ஏற்புரை’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு முன்னால் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை. அதற்குப் பின்னால் நன்றியுரை, நாட்டுப்பண். விருது வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டு பேசுவதுதான் ஏற்புரை. சேலத்தில் ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்கள், மருத்துவர்கள், தணிக்கையாளர்கள், ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்கள் என்று யார் விழா நடத்தினாலும் இந்த வரிசை பெரிதாக மாறுவதில்லை. இத்தகைய விழாக்களைத் தொகுத்து வழங்குபவன் நான். ஏற்புரை என்று அறிவித்ததும் என் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போய்விடும்.

காரணம் எளிய கணக்கு. பன்னிரண்டு பேருக்கு விருது. ஒவ்வொருவரும் நான்கு நிமிடம் பேசினால் நாற்பத்தெட்டு நிமிடம். ஒன்றரை நிமிடம் பேசினால் பதினெட்டு நிமிடம். இடையில் இருக்கும் அரை மணி நேரத்தில் பந்தியில் சாப்பாடு ஆறுகிறது, குழந்தைகள் தூங்கிவிடுகின்றன, மலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் இருட்டில் இருபது கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து எழுந்துவிடுகிறார்கள். கடைசியாகப் பேசுபவர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசுகிறார். அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அகர வரிசையில் அவர் பெயர் கடைசி, அவ்வளவுதான்.

ஆனால் சுருக்கமாகப் பேசிவிட்டால் மட்டும் நல்ல ஏற்புரை ஆகிவிடாது. சுருக்கமாகப் பேசி, மறுநாளும் ஒருவர் நினைத்துப் பார்க்கும்படி ஏதாவது சொல்ல வேண்டும். அதை எப்படி எழுதுவது என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

நன்றியுரை வேறு ஒருவரின் வேலை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விழா முடிவில் சங்கத்தின் செயலாளரோ பொருளாளரோ எழுந்து நன்றி சொல்வார். சிறப்பு விருந்தினர், மண்டப உரிமையாளர், ஒலி ஒளி அமைத்தவர், சமையல்காரர், பத்திரிகை நண்பர்கள் எல்லாரும் அவருடைய பட்டியலில் இருப்பார்கள். யாரையும் விட்டுவிடக் கூடாது என்பது அவருடைய பொறுப்பு. விருது பெறுபவருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. அப்படியும் நம் ஊரில் ஏற்புரைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நன்றியுரையைத்தான் பேசுகிறார்கள். ‘யாரையாவது விட்டுவிட்டால் தப்பாக நினைப்பார்களே’ என்ற அச்சம்தான் காரணம்.

இந்த அச்சத்துக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. ஐந்து பேருக்கு நன்றி சொன்னால் ஆறாவது ஆள் வருத்தப்படுகிறார். இருபது பேருக்குச் சொன்னால் இருபத்தோராவது ஆள் அதைவிட அதிகமாக வருத்தப்படுகிறார்; ‘இத்தனை பேரைச் சொன்னவனுக்கு என் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லையா’ என்று. பட்டியல் நீள நீள, அதில் இல்லாமல் போவது பெரிய அவமதிப்பாகிறது. இரண்டே பேருக்கு நன்றி சொன்னால் மற்றவர்கள் யாரும் அதைப் பட்டியலாகவே எடுத்துக்கொள்வதில்லை. மேடையில் பல வருடம் நின்று பார்த்ததில் இது உறுதியாகத் தெரிந்தது.

விளித்தலும் இதே கதைதான். ‘மேடையில் வீற்றிருக்கும்’ என்று தொடங்கிப் பதவியும் பெயரும் சொல்லி ஒவ்வொருவருக்கும் ஓர் ‘அவர்களே’ போட்டால், ஒன்பது பேருக்கு ஒரு நிமிடம் போய்விடும். நமக்கு முன்னால் பேசிய நான்கைந்து பேர் அதைச் செய்து முடித்திருப்பார்கள். தலைமை வகிப்பவருக்கும் அவையோருக்கும் ஒரு வணக்கம் போதும். மாவட்ட ஆட்சியரோ அமைச்சரோ வந்திருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏன் சில வரிகள் மட்டும் நிற்கின்றன

உலகத்தின் புகழ்பெற்ற விருது மேடைகள் நேரத்தைக் கட்டிப்போடப் பல வழிகளில் முயன்றிருக்கின்றன. ஆஸ்கர் விழாவில் பேசுவதற்கு 45 வினாடி; தாண்டினால் இசைக்குழு வாசிக்கத் தொடங்கிவிடும். 1943-இல் நடிகை கிரீர் கார்சன் அங்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசினார். இன்றைக்கும் அந்தப் பேச்சின் நீளத்தைத்தான் சொல்கிறார்களே தவிர, அவர் என்ன சொன்னார் என்று யாரும் சொல்வதில்லை. இதற்கு நேர் எதிராக, 1991-இல் நடிகர் ஜோ பெஸ்கி ‘இது என் பாக்கியம், நன்றி’ என்ற அளவில் முடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அதையும் பலர் மெச்சுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. அதிலும் நினைவில் நிற்பது நீளம்தான். இந்த முறை நீளம் குறைவு, அவ்வளவே.

இணையப் பணிகளுக்குத் தரப்படும் வெபி விருதில் இன்னும் கடுமையான விதி: ஏற்புரை ஐந்தே சொற்கள். 2005-இல் அங்கே விருது வாங்கியவர் அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோர். 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் புளோரிடா மாநில வாக்குகளை மறுபடி எண்ணுவதா வேண்டாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், எண்ணிக்கை நிறுத்தப்பட்டு, அவர் தோற்றார். அந்த மனிதர் விருதை வாங்கிக்கொண்டு, ‘தயவுசெய்து இந்த வாக்குகளை மறுபடி எண்ணாதீர்கள்’ என்ற பொருளில் ஐந்து ஆங்கிலச் சொற்களைச் சொன்னார். அரங்கம் சிரித்தது. வேறு யார் அந்த மேடையில் அதே சொற்களைச் சொல்லியிருந்தாலும் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

நல்ல ஏற்புரைக்கு நான் வைத்திருக்கும் ஒரே சோதனை இதுதான். நீங்கள் எழுதிய வரியை, அன்று விருது வாங்கும் இன்னொருவர் வாயில் வைத்துப் பாருங்கள். அவருக்கும் பொருந்தினால் அந்த வரி உங்களுடையது அல்ல, அடித்துவிடலாம். ‘உழைப்பே உயர்வு தரும்’ எல்லாருக்கும் பொருந்தும். ‘இந்த விருது எனக்கு இன்னும் பொறுப்பைக் கூட்டியிருக்கிறது’ என்பதும் அப்படித்தான். ‘நன்றி மறப்பது நன்றன்று’ என்ற குறளும் பொருந்தும். அதை உங்களுக்கு முன்னால் பேசிய இரண்டு பேர் சொல்லியும் இருப்பார்கள்.

ஏ. ஆர். ரகுமான் 2009-இல் ஆஸ்கர் மேடையில் ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்று தமிழில் சொன்னது நம் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொற்கள் யாரும் சொல்லக்கூடியவை. ஆனால் அந்த மேடையில் அந்த மொழியில் சொல்ல அன்று அவரால்தான் முடிந்தது. அதே இரவில் அவர் இன்னொன்றும் சொன்னார்: வாழ்க்கை முழுவதும் வெறுப்பையோ அன்பையோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எனக்கு இருந்தது, நான் அன்பைத் தேர்ந்தெடுத்தேன், இதோ இங்கே இருக்கிறேன் என்று. அன்பு, வெறுப்பு என்பவை பழைய சொற்கள்தாம். ‘இதோ இங்கே இருக்கிறேன்’ என்று தன்னையே சாட்சியாக நிறுத்தியதால்தான் அது உபதேசமாகாமல் தப்பியது.

அப்படியானால் அல் கோருக்கு ஒரு தேர்தல் இருந்தது, ரகுமானுக்கு ஆஸ்கர் இருந்தது, நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் தொழில் இருக்கிறது. வேறு யாருக்கும் தெரியாத, கையால் செய்து மட்டுமே தெரிந்துகொண்ட ஏதோ ஒன்று எந்தத் தொழிலிலும் இருக்கும். ஏற்புரைக்கு வேண்டியது அது.

ஓர் உதாரணம்: காப்பித் தோட்டத்து மேற்பார்வையாளர்

சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தின் மேற்பார்வையாளரை எடுத்துக்கொள்வோம். ஆளும் விருதும் உதாரணத்துக்காக நான் அமைத்தவை. இனி வரும் பெயரும் நான் வைத்ததே. ஆனால் அவர் செய்யும் வேலை உண்மையானது. தோட்டக்காரர்கள் சங்கம் அவருக்குச் ‘சிறந்த களப்பணியாளர்’ விருது தருகிறது. அவர் எழுதி வந்த முதல் வரைவு இப்படித் தொடங்குகிறது:

> மேடையில் வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, எங்கள் முதலாளி அவர்களே, தோட்ட உரிமையாளர்களே, தாய்மார்களே, நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். இந்தச் சிறியவனையும் ஒரு பொருட்டாக மதித்து இந்த மாபெரும் விருதை வழங்கிய சங்கத்துக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. என்னைப் பெற்று வளர்த்த தாய் தந்தையருக்கும், எழுத்தறிவித்த ஆசிரியர்களுக்கும்…

அதன் பிறகு முதலாளி, மேலாளர், ரைட்டர், சக பணியாளர்கள், உரக்கடைக்காரர், மனைவி, மக்கள், குலதெய்வம். பிறகு உழைப்பைப் பற்றி ஒரு பத்தி. ‘இந்த விருதை என் தொழிலாளத் தோழர்களுக்குச் சமர்ப்பிக்கிறேன்’ என்று ஒரு வரி. ‘வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன், நன்றி, வணக்கம்’ என்று முடிவு. சத்தமாக வாசித்தால் நான்கு நிமிடத்துக்குக் குறையாது. எழுத்துப் பிழை இல்லை, பணிவு இருக்கிறது, யாரும் குறை சொல்ல முடியாது. காப்பி என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

இதைத் திருத்துவதற்கு முன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ‘உங்களுக்கு எதற்காக விருது கொடுக்கிறார்கள்?’ முதலில் ‘நல்லா வேலை செய்ததற்கு’ என்பார். இன்னும் கேட்டால் விஷயம் வெளியே வரும்: ‘போரரைக் கட்டுப்படுத்தியதற்கு.’

போரர் என்று அவர் சொல்வது வெள்ளைத் தண்டுத் துளைப்பானை. அராபிகா காப்பிக்கு இது பெரிய எதிரி. தாய் வண்டு தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். புழு தண்டுக்குள் குடைந்துகொண்டே போகும். வண்டு பறக்கும் பருவம் ஆண்டுக்கு இரண்டு: கோடை மழையை ஒட்டி ஏப்ரல், மே, பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதனால் அதற்கு முன்பே, மார்ச்சிலும் செப்டம்பரிலும், தோட்டம் முழுவதும் நடந்து தாக்கப்பட்ட செடிகளைத் தேடிப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். இலை மஞ்சளாகி வாடும்வரை காத்திருப்பவர் பெரும்பாலும் தாமதித்துவிட்டவர். உள்ளே புழு குடைந்த இடத்தில் பட்டையின்மேல் ஒரு மேடு எழும்பும். பழகிய கை தண்டைத் தடவிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கும். செப்டம்பரில் அந்தச் செடியில் காய் நிறைந்திருக்கும், பறிப்புக்குச் சில மாதமே பாக்கி இருக்கும். அதைப் பிடுங்கச் சொல்வது முதலாளியிடம் எளிதில் சொல்லக்கூடிய செய்தி அல்ல.

‘தடவிப் பார்க்க உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?’ என்று அடுத்த கேள்வி. ‘சின்னப்பொண்ணு அக்கா. எனக்கு முன்னாடியே இருபது வருஷமாகத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். என் கையைப் பிடித்துத் தண்டில் வைத்துக் காட்டினார்.’

ஏற்புரை இங்கே கிடைத்துவிட்டது. இனி வெட்டும் வேலைதான்.

யாருக்கு நன்றி சொல்வது என்பதை இந்த விருதின் காரணமே தீர்மானிக்கிறது. பெற்றோர் இல்லாமல் அவர் இல்லை என்பது உண்மை. ஆனால் அது அவர் வாங்கும் எந்த விருதுக்கும் பொருந்தும் உண்மை. சின்னப்பொண்ணு அக்கா இல்லாவிட்டால் இந்த விருது இல்லை. காய்த்த செடியைப் பிடுங்க முதலாளி சம்மதிக்காவிட்டாலும் இந்த விருது இல்லை. ஆக இரண்டு பேர். இருவருக்கும் ‘உறுதுணையாக இருந்த’ என்று அடைமொழி போடாமல், அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். காலத்தால் செய்த உதவி சிறிதானாலும் உலகத்தைவிடப் பெரியது என்கிற வள்ளுவர் செய்தவரின் பதவியைப் பேசவில்லை. செய்ததையும், செய்த வேளையையும்தான் பேசுகிறார். மேடைக்கும் அதுவே சரி. ‘என் கையைப் பிடித்துத் தண்டில் வைத்தார்’ என்று சொன்னால், சின்னப்பொண்ணு அக்காவைப் பார்த்தே இராத கூட்டத்துக்கும் அவர் தெரிந்தவராகிவிடுவார்.

மேலாளர், ரைட்டர், உரக்கடைக்காரர் எல்லாம் பட்டியலிலிருந்து போகிறார்கள். அவர்களுக்கு நன்றி வேண்டாம் என்று பொருளில்லை. மறுநாள் கேடயத்தைத் தோட்டத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய், எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் நேரில் சொன்னால் மேடையில் பெயர் வருவதைவிட அது நன்றாகவே போய்ச் சேரும். மனைவியை விட்டுவிடலாமா என்பதில் மட்டும் அவர் தயங்குவார். ‘எனக்குச் சமைத்துப் போட்டு’ என்று தொடங்கும் வரியைச் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது அந்த அம்மாவுக்கு மரியாதை என்பது என் கருத்து. அவர் செய்த காரியம் இந்த விருதோடு நேரடியாகச் சேர்ந்தது என்றால், தாராளமாக ஒரு வரி சேர்க்கலாம். அப்போது முதலாளியின் வரியைப் பாதியாகச் சுருக்க வேண்டியிருக்கும்.

கடைசி வரி

தமிழ் மேடையில் கடைசி வரியைக் கெடுப்பது எப்போதும் ஒன்றேதான்: அதற்குப் பின்னால் வரும் வால். ஒருவர் அருமையாக ஒன்றைச் சொல்லி முடிப்பார். அடுத்த மூச்சில் ‘என்று கூறி, இந்த நல்வாய்ப்பை நல்கிய அனைவருக்கும் மீண்டும் ஒருமுறை நன்றி கூறி, என் சிற்றுரையை நிறைவு செய்கிறேன்’ என்பார். கைதட்டக் கையைத் தூக்கியவர்கள் இறக்கிவிடுவார்கள். நம் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் முடிவில் வருகிறது, பாரம் அங்கேதான் இறங்குகிறது. சொல்ல வந்த செய்தியின் வினை கடைசியில் நிற்க வேண்டுமே தவிர, ‘நிறைவு செய்கிறேன்’ நிற்கக் கூடாது. ஆகவே சங்கத்துக்கான நன்றியைத் தொடக்கத்திலேயே சொல்லி முடித்துவிட வேண்டும். கடைசி வரிக்குப் பிறகு ஒரே ஒரு வணக்கம். மரியாதையும் குறையாது, வரியும் தப்பிக்கும்.

நம் மேற்பார்வையாளருக்குக் கடைசி வரியாக என்ன வைக்கலாம்? மூன்று தேர்வுகளை எடுத்துப் பார்ப்போம். முதலாவது: ‘வெளியே பச்சையாக இருப்பதெல்லாம் உள்ளே நலமாக இருப்பதில்லை.’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மருத்துவர் சொன்னாலும் தணிக்கையாளர் சொன்னாலும் பொருந்தும், அதனால் வேண்டாம். இரண்டாவது: ‘அன்று முதல் நான் இலையை நம்புவதில்லை, விரலைக் கேட்டுவிட்டுத்தான் செடியை நம்புகிறேன்.’ இது அவருடைய வரி. இதில் முடித்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனாலும் கொஞ்சம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் வரி. மூன்றாவதில் அவர் தன்னை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கிறார். உட்கார்ந்திருப்பவர்கள் தோட்டக்காரர்கள். அவர்களிடம் ஒரு காரியம் செய்யச் சொல்கிறார். நான் அதைத்தான் எடுப்பேன். முழு உரை இப்படி வரும்:

> தலைவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். இந்த விருதை எனக்கு அளித்த சங்கத்துக்கு நன்றி.
>
> வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் காப்பிச் செடியின் இலையைப் பார்த்துத்தான் நோயைக் கண்டுபிடிப்பேன். சின்னப்பொண்ணு அக்கா ஒருநாள் என் கையைப் பிடித்து, பச்சைப் பசேலென்று நின்ற ஒரு செடியின் தண்டில் வைத்தார். விரலில் ஒரு மேடு தட்டியது. வெட்டிப் பார்த்தோம், உள்ளே புழு. அன்றைக்கு அவர் என் விரலுக்குக் கற்றுக்கொடுத்த பாடத்துக்குத்தான் இந்த விருது. அக்கா, நன்றி.
>
> இலை வாடாத செடிகளைப் பிடுங்கி எரிக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, காய்த்து நிற்கிறதே என்று தயங்காமல் ‘பிடுங்கு’ என்று சொன்ன எங்கள் முதலாளிக்கு நன்றி.
>
> இங்கே பாதிப் பேர் தோட்டம் வைத்திருக்கிறீர்கள். நாளைக் காலையில், உங்கள் தோட்டத்திலேயே நன்றாக இருக்கிற செடியின் தண்டைத் தடவிப் பாருங்கள். வணக்கம்.

நூறு சொற்கள்கூட இல்லை. தமிழில் சொற்கள் நீளமானவை. மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொல் போகும். கைதட்டலுக்கும் மூச்சுக்கும் இடம் விட்டால் இது ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்கும். மேடையில் இதை எழுத்துத் தமிழில்தான் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். குறிப்பாகச் சின்னப்பொண்ணு அக்காவைப் பற்றிய பகுதி.

‘நன்றாக இருக்கிற செடி’ என்பதைக் கவனியுங்கள். நோயுள்ள செடியைப் பாருங்கள் என்றால் எல்லாரும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். நன்றாக இருக்கிற செடியைச் சந்தேகப்படச் சொன்னதும் ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு குறிப்பிட்ட செடி வந்து நிற்கும். வெட்டிப் பார்த்த கதையை இரண்டாவது பத்தியிலேயே சொல்லிவிட்டதால், கடைசியில் ‘உள்ளே புழு இருக்கலாம்’ என்று விளக்கத் தேவையும் இல்லை. கேட்பவர்கள் தாங்களே முடித்துக்கொள்கிறார்கள்.

எழுதிய பிறகு

எழுதியதைத் தொழில் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அப்போது கருத்துக் கேட்கக் கூடாது; ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். மறுநாள் ‘நேற்று நான் என்ன வாசித்தேன்?’ என்று கேட்க வேண்டும். ‘யாரோ ஓர் அம்மா கையைப் பிடித்துச் செடியில் வைத்தாரே’ என்றால் உரை தயார். ‘எல்லாருக்கும் நன்றி சொன்னீங்க’ என்றால் பழைய வரைவு இன்னும் எங்கோ ஒளிந்திருக்கிறது.

மேடையில் தடுமாற வைப்பவை சின்னச் சின்னப் பொருள்கள். பொன்னாடை தோளிலிருந்து நழுவும். மார்போடு அணைத்த கேடயம் ஒலிவாங்கியில் இடித்துக் கடகடவென்று சத்தம் போடும். அதனால் பேசுவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். தொகுப்பாளர் கை நீட்டுவது அதற்காகத்தான். கைப்பேசியில் எழுதி வைத்துப் படிப்பவர்களுக்குப் பாதியில் திரை அணைந்துவிடும். அதைத் திறக்க விரலை வைக்கும் இரண்டு வினாடியில் கூட்டம் பேச்சை விட்டுவிட்டுத் தங்களுக்குள் பேசத் தொடங்கும். பாதி அஞ்சலட்டை அளவுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்வது நல்லது. முழு உரையையும் எழுத வேண்டியதில்லை. பெயர்களும் கடைசி வரியும் போதும்.

நீளம் மிஞ்சிவிட்டதா என்பதை மேடையில் நிற்கும்போதே அறியலாம். புகைப்படக்காரர் கேமராவை இறக்கியிருப்பார். மேடையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் மடியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னைப் போன்றவர்கள் மெல்ல நகர்ந்து பேச்சாளரின் கண்ணில் படும் இடத்துக்கு வந்திருப்போம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நடுவில் இருப்பதை விட்டுவிட்டு நேராகக் கடைசி வரிக்குப் போய்விட வேண்டும். கடைசி வரி மனப்பாடமாக இருந்தால்தான் இது முடியும்.

சில விழாக்களில் மேடை ஏறும் படியிலேயே ‘ஐயா, அரை நிமிடம்தான்’ என்று காதில் சொல்வார்கள். நேரம் போய்விட்டது, சிறப்பு விருந்தினருக்கு ரயில் பிடிக்க வேண்டும். அப்போது எதை விடுவது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். மேலே உள்ள உரையில் முதலில் போக வேண்டியது ‘வேலைக்குச் சேர்ந்த புதிதில்’ என்று தொடங்கும் வாக்கியம். அடுத்து முதலாளியின் பத்தி. ‘எங்கள் முதலாளிக்கும் நன்றி’ என்று அதைத் தொடக்க நன்றியோடு சேர்த்துவிடலாம். ‘இங்கே பாதிப் பேர்’ என்பதையும் விடலாம். அக்கா கையைப் பிடித்ததும், விரலில் மேடு தட்டியதும், உள்ளே புழு இருந்ததும், கடைசி வரியும் போகக் கூடாது. அந்த நான்கும் மட்டும் அரை நிமிடத்துக்குள் அடங்கும்.

விழாவுக்குச் சின்னப்பொண்ணு அக்கா வரவில்லை என்றால் ‘அக்கா, நன்றி’ என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது பொய்யாக ஒலிக்கும். அந்த இடத்தில் ‘அவர் இன்று மலையில் இருக்கிறார்; நாளை இந்தக் கேடயத்தை அவரிடம் காட்டுவேன்’ என்று மாற்றிக்கொள்ளலாம். அப்படிச் சொன்னால் கட்டாயம் காட்டியும் ஆக வேண்டும். தோட்டத்தில் செய்தி இவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும்.